காமா சார்பு: எதிர்மறை விடை எப்படி வந்தது?

“Γ(−1/2) = −2√π என்கிறார்கள். தொகையீட்டுக்குள் எல்லாமே நேர்மறை. விடை எப்படி எதிர்மறையாகும்? −1/2-இல் விடை இருக்கும்போது −2-இல் ஏன் துருவம்?”

உங்கள் சந்தேகம் நியாயமானது. Γ(z) = ∫₀^∞ t^(z−1) e^(−t) dt என்ற அந்தத் தொகையீடு z-இன் மெய்ப்பகுதி 0-ஐவிடப் பெரிதாக இருந்தால்தான் ஒருங்கும்; −1/2-இல் t = 0 அருகே விரிந்துவிடும். ஆகவே அந்த விடை தொகையீட்டிலிருந்து வரவே இல்லை. Γ(z+1) = zΓ(z) என்ற உறவைத் திருப்பி, Γ(z) = Γ(z+1)/z என்று இடப்பக்கம் நகர்கிறோம். Γ(1/2) = √π; அதை −1/2 ஆல் வகுத்தால் −2√π. எதிர்மறைக் குறி வகுத்தலில் வந்ததுதான்.

−2-ஐ அடைய மூன்று முறை நகர வேண்டும்:

Γ(z) = Γ(z+3) / [z(z+1)(z+2)]

z = −2-இல் தொகுதி Γ(1) = 1; பகுதியில் (z+2) மட்டும் பூச்சியமாகிறது. எனவே அது எளிய துருவம்; எச்சம் 1/[(−2)(−1)] = 1/2. இதே கணக்கில் −n-இல் எச்சம் (−1)ⁿ/n!. துருவங்கள் 0, −1, −2, … மட்டுமே. −2+i போன்ற கலப்பெண்ணில் பகுதி பூச்சியமாகாது, அங்கே சிக்கலே இல்லை.

n! = Γ(n+1) என்பதால், காரணீயப் பெருக்கத்தின் துருவங்கள் −1-இலிருந்துதான் தொடங்கும். பலர் இங்கேதான் ஓர் இடம் தவறுகிறார்கள்.