15எச் படிவத்தில் எந்தத் தொகையை எழுதுவது?

கேள்வி: எனக்கு வயது 64. மாதம் 38,000 ரூபாய் ஓய்வூதியம். ஒரு வங்கியில் போட்ட டெபாசிட்டுக்கு வருடம் 1,60,000 ரூபாயும் இன்னொரு வங்கியில் 90,000 ரூபாயும் வட்டி வருகிறது. அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டிருக்கிறேன். வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் 15எச் படிவத்தை 2025-26 நிதியாண்டுக்காகக் கொடுக்கப் போனபோது, "மொத்த வருமானம் 3 லட்சத்துக்குள் என்று எழுதிக் கொடுங்கள் சார், வரி பிடிக்க மாட்டோம்" என்றார் வங்கி ஊழியர். எழுதிக் கொடுத்தால் பிற்பாடு பிரச்சினை வருமா?

பதில்: அந்த 3 லட்சத்தை எழுதாதீர்கள். வேடிக்கை என்னவென்றால், உண்மையான தொகையை எழுதினாலே உங்களுக்கு வரி பிடிக்க வேண்டியதில்லை.

15எச் படிவத்தை "வருமானம் குறைவு" என்று எழுதிக் கொடுக்கும் காகிதமாகத்தான் கவுன்டரில் பலரும் நினைக்கிறார்கள். படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போடும் உறுதிமொழி வேறு: இந்த நிதியாண்டில் என் மொத்த வருமானத்துக்கான வரி பூஜ்யம் என்பதுதான் அது. 87ஏ பிரிவின் கீழ் கிடைக்கும் வரித் தள்ளுபடியைக் கழித்த பிறகு வரி பூஜ்யம் ஆனாலும் படிவத்தை ஏற்க வேண்டும் என்று படிவத்தின் அடிக்குறிப்பே சொல்கிறது. 3 லட்சம் என்பது பழைய வரி முறையில் 60 வயதைக் கடந்தவர்களுக்கான அடிப்படை விலக்கு. அந்த எண் பலர் மனதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, 2025-26 நிதியாண்டுக்கு உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓய்வூதியம் வருடத்துக்கு 4,56,000. புதிய வரி முறையில் நிலைக் கழிவு 75,000 போக 3,81,000. மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சத்துக்கு 8.2 சதவீத வட்டி 2,46,000. அதோடு இரண்டு வங்கிகளின் 2,50,000 சேர்ந்தால் வட்டி மட்டும் 4,96,000. ஆக மொத்த வருமானம் 8,77,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 20,000. மீதி 77,000-க்கு 10 சதவீதம், 7,700. வரி 27,700 வருகிறது. ஆனால் வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாததால் தள்ளுபடியில் அது முழுவதும் போய்விடும். எனவே மொத்த வருமானம் என்ற கட்டத்தில் 8,77,000 என்றே எழுதலாம்.

எல்லா இடத்திலும் படிவம் கொடுக்கவும் தேவையில்லை. மூத்த குடிமக்களுக்கு ஒரே வங்கியில் ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால்தான் பிடித்தம். ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளும் சேர்த்துத்தான் கணக்கு. இரண்டாவது வங்கியின் 90,000 அந்த வரம்புக்குள் இருப்பதால் அங்கே பிடிக்க மாட்டார்கள். முதல் வங்கியில் 16,000, அஞ்சலகத்தில் 24,600 என 10 சதவீதம் பிடிக்க இடமிருக்கிறது. அந்த இரண்டு இடத்தில் கொடுத்தால் போதும். வங்கியில் கொடுத்துவிட்டு இரண்டாவதாக அஞ்சலகத்தில் கொடுக்கும் படிவத்தில், இந்த ஆண்டு ஏற்கெனவே எத்தனை படிவம், எவ்வளவு வருமானத்துக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 1 படிவம், 1,60,000 என்று நிரப்ப வேண்டும். பலர் காலியாக விடும் கட்டம் இது. பான் எண் இல்லாமல் கொடுத்த படிவம் செல்லாது. அப்போது 20 சதவீதம் பிடிப்பார்கள்.

3 லட்சம் என்று எழுதினால் என்ன ஆகும் என்றால், அந்தப் படிவம் வங்கியின் அலமாரியில் தூங்குவதில்லை. அதற்கு ஒரு தனி அடையாள எண் கொடுத்து வருமான வரித் துறைக்கு வங்கி தெரிவிக்கிறது. உங்கள் பான் எண்ணின் கீழ் ஓய்வூதியமும் மற்ற இடங்களின் வட்டியும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஏற்கெனவே வரிசையாக இருக்கும். முரண் தெரிய யாரும் துப்பறிய வேண்டியதில்லை. தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுப்பதற்கு வருமான வரிச் சட்டத்தின் 277-வது பிரிவில் தண்டனை இருக்கிறது. கையெழுத்து உங்களுடையது, யோசனை சொன்ன ஊழியர் அதில் எங்குமே வர மாட்டார்.

உங்கள் கணக்கு எங்கே புரளும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 12 லட்சத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. நடுவில் பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டை விற்று 3 லட்சம் நீண்டகால ஆதாயம் வந்தது என்று வையுங்கள். 1,25,000 போக 1,75,000-க்கு 12.5 சதவீத வரி 21,875, செஸ் சேர்த்து 22,750. மொத்தம் 11,77,000 தான், 12 லட்சத்துக்குள்தான். ஆனாலும் இந்தச் சிறப்பு விகித வரிக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. வரி பூஜ்யம் இல்லை என்றாகிவிட்டால் 15எச் கொடுக்கத் தகுதியும் இல்லை. மனை விற்றாலும் இதே சிக்கல்தான். ஏப்ரலில் நேர்மையாகப் படிவம் கொடுத்துவிட்டு, அப்புறம் எதிர்பாராமல் விற்க நேர்ந்தால் பதற வேண்டாம். வங்கிக்கு எழுதிப் படிவத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வரியைக் கணக்குத் தாக்கலின்போது கட்டிவிடுங்கள். வியாபார வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு முன்கூட்டிய வரி கட்டும் கடமை இல்லை.

இதே மாதிரி நழுவுவது, முதிர்வில் மொத்தமாக வட்டி தரும் டெபாசிட். கைக்கு வரவில்லையே என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவார்கள். வங்கியோ ஆண்டுதோறும் சேரும் வட்டியைக் கணக்கெடுத்துத்தான் வரி பிடிக்கும். உங்கள் பணத்தை மனைவி பெயரில் போட்டிருந்தால் அந்த வட்டியும் உங்கள் வருமானத்தில்தான் சேரும். அவருக்கு 60 வயது ஆகவில்லை என்றால் அவருக்கான படிவமும் வேறு, 15ஜி. அதன் நிபந்தனையும் இன்னும் இறுக்கமானது.

இன்னொன்று, வரி பூஜ்யம் என்பதால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டியதால் உங்களுக்குத் தாக்கல் கட்டாயம். தள்ளுபடியே அங்கேதான் கேட்கப்படுகிறது. கெடு தவறினால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய்.

படிவம் ஒரு நிதியாண்டுக்கு மட்டும்தான் செல்லும். முதல் காலாண்டு வட்டி வரவு வைப்பதற்கு முன் கொடுத்துவிடுவது நல்லது. பிடித்து அரசுக்குக் கட்டிவிட்ட தொகையை வங்கி திருப்பித் தராது. அதற்காக இப்போது தாமதமாகிவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். பிடித்த தொகை 26ஏஎஸ் அறிக்கையில் இருக்கிறதா என்று பார்த்து, தாக்கலில் கேட்டால் உங்கள் கணக்குக்கே திரும்பி வரும். கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டியதுதான்.