பின்பக்க பேடிலும் ட்ரிக்கர் ஸ்டாப்பும்: மாட்டும் முன் சில கேள்விகள்

கேம் கன்ட்ரோலரின் பின்பக்கத்தில் விரலுக்கு எட்டும்படி மாட்டும் பட்டன்தான் பேடில். எல்2, ஆர்2 ட்ரிக்கர்கள் முழுவதும் உள்ளே போகாமல் தடுப்பது ட்ரிக்கர் ஸ்டாப். பேடில் என்றால் எந்த வழியாகக் கன்ட்ரோலருடன் பேசுகிறது, ஸ்டாப் என்றால் ட்ரிக்கரை எந்த அளவில் நிறுத்துகிறது. வந்த கேள்விகளில் முக்கால்வாசி இந்த இரண்டில்தான் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: அண்ணா, பிஎஸ்4-க்கு சோனியே விட்ட பின்பக்க பட்டன் அட்டாச்மென்ட் நண்பனிடம் சும்மா கிடக்கிறது. என்னிடம் இருப்பது பிஎஸ்5 கன்ட்ரோலர். மாட்டிக்கொள்ளலாமா?

முடியாது தம்பி. பிஎஸ்4-இன் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4-இன் அடிப்பக்கத்தில் ஹெட்போன் ஜாக்கை ஒட்டி ஒரு எக்ஸ்டென்ஷன் போர்ட் இருக்கும். பின்பக்க பட்டனை அழுத்தியது கன்ட்ரோலருக்குத் தெரிவது அந்தப் போர்ட் வழியாகத்தான். உங்கள் பிஎஸ்5 கன்ட்ரோலரான டூயல்சென்ஸில் அந்தப் போர்ட்டே கிடையாது. ஜாக்குக்கு இரு பக்கமும் தெரியும் உலோகப் புள்ளிகள் சார்ஜிங் ஸ்டாண்டுக்கானவை.

டூயல்சென்ஸுக்கு உள்ள வழிகள் இரண்டு. ஒன்று, யூஎஸ்பி-சி போர்ட்டில் செருகும் வெளி அட்டாச்மென்ட். இந்த வகையில் கேபிள் போட்டே விளையாட வேண்டியிருக்கலாம் என்பதால், வயர்லெஸாக வேலை செய்யுமா என்று கேட்காமல் வாங்காதீர்கள். மற்றொன்று, கன்ட்ரோலரைத் திறந்து போர்டில் இணைக்கும் கிட்.

நண்பனிடம் டூயல்ஷாக்கும் இருந்தால் அதில் தாராளமாக மாட்டலாம். ஹெட்செட்டை அட்டாச்மென்ட்டில் உள்ள ஜாக்கிலேயே செருகலாம். ஆனால் எக்ஸ்டென்ஷன் போர்ட் வழியாக சார்ஜ் செய்யும் ஸ்டாண்டில் வைக்க, ஒவ்வொரு முறையும் அட்டாச்மென்ட்டைக் கழற்ற வேண்டும். மேலே உள்ள மைக்ரோ யூஎஸ்பியில் சார்ஜ் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: விற்பனைப் பக்கத்தில் "பிஎஸ்5 கன்ட்ரோலருக்குப் பொருந்தும்" என்றுதான் இருந்தது. பிரித்து வைத்துப் பார்த்தால் ரிப்பன் கேபிள் சரியாக உட்காரவே இல்லை. போலி கிட்டைத் தலையில் கட்டிவிட்டார்களா?

போலியாக இருக்கலாம், ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது போர்டு பதிப்பை. வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் டூயல்சென்ஸுக்குள் BDM-010, BDM-020, BDM-030, BDM-040 என்று வேறுவேறு போர்டுகள் வந்திருக்கின்றன. உள்பாகங்கள் கொஞ்சம் கொஞ்சம் மாறியதால், கிட் செய்பவர்கள் எந்த எண்ணுக்கானது என்று தனித்தனியாகப் போட்டு விற்கிறார்கள். உங்கள் கிட்டின் பெட்டியில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணே போடாமல் "பிஎஸ்5" என்று மட்டும் எழுதியிருந்தால் நான் அதை வாங்க மாட்டேன்.

எந்தப் போர்டு என்று உறுதியாகத் தெரிய, கிட்டுக்குப் பணம் கட்டும் முன்பே ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் வழி. முன்பக்கம் ஸ்டிக்குகளைச் சுற்றியுள்ள கறுப்புப் பட்டையை மெல்ல நெம்பி எடுத்தால் கீழே இரண்டு ஸ்க்ரூ தெரியும். எல்1, ஆர்1 பட்டன்களைக் கழற்றினால் அடியில் இன்னும் இரண்டு. நான்கையும் சிறிய பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரால் எடுத்துவிட்டுப் பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அப்புறம் போர்டில் அச்சிட்ட எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அவசரத்தில் பேட்டரியோடு வந்த ரிப்பனையும் இழுத்து, ஒரு நல்ல கன்ட்ரோலரை உதிரிபாகப் பெட்டிக்கு அனுப்பியவன் நான்.

சால்டரிங் தேவையா என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள். கிட்டுக்குக் கிட் மாறும். மாட்டி முடித்ததும் மூடாமல் பேட்டரியை மட்டும் இணைத்து எல்லா பட்டனையும் அழுத்திப் பார்த்துவிட்டு, பிறகு ஸ்க்ரூ போடுங்கள்.

கேள்வி: பேடில் போட்டால் நான்கு பட்டன் கூடுதலாகக் கிடைக்கும் அல்லவா? கேமில் அவற்றுக்குப் புதிதாக நான்கு வேலை கொடுக்கலாம் என்றுதான் வாங்குகிறேன்.

பாதி சரி. விரலுக்கு நான்கு இடம் கூடுகிறது, கேமுக்குக் கூடுவதில்லை. இந்த வகை பேடில் ஏற்கெனவே உள்ள பட்டனின் நகல். இடது பேடிலுக்கு எக்ஸ் பட்டனைக் கொடுத்தால், அதை அழுத்தும்போது கன்சோலுக்குத் தெரிவது எக்ஸ் அழுத்தப்பட்டது மட்டுமே. குதிக்கும்போது கட்டைவிரலை வலது ஸ்டிக்கிலிருந்து எடுக்க வேண்டாம் என்பதே லாபம். கணினியில் ஸ்டீம் என்ற கேம் செயலி வழியாக எக்ஸ்பாக்ஸின் எலைட் கன்ட்ரோலரின் பேடில்களுக்குத் தனி வேலை கொடுக்க முடியும், அது வேறு கதை.

கேள்வி: ஒட்டும் வகை ட்ரிக்கர் ஸ்டாப் போட்டேன். துப்பாக்கி கேமில் அருமை. ஆனால் கார் பந்தயத்தில் வண்டி ஆமை மாதிரி போகிறது. கன்ட்ரோலர் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. ட்ரிக்கர் சாதாரண சுவிட்ச் இல்லை, எவ்வளவு அழுத்தினீர்கள் என்று அளந்து அனுப்புவது. நீங்கள் பாதி வழியில் தடுப்பு வைத்துவிட்டதால், கார் கேமுக்குப் பாதி ஆக்ஸிலரேட்டர்தான் கிடைக்கிறது.

கணினியில் இணைத்து, பிரவுசரின் கன்சோலைத் திறந்து, ஏதாவது ஒரு பட்டனை அழுத்திவிட்டு, ஆர்2-வைப் பிடித்தபடி இதைத் தட்டுங்கள்:

```
navigator.getGamepads()[0].buttons[7].value
```

விட்ட நிலையில் 0, முழு அழுத்தத்தில் 1 வரும். எல்2-க்கு 7-க்குப் பதில் 6. என் கன்ட்ரோலரில் தடிமனான ரப்பர் ஒட்டியபோது அதிகபட்சம் 0.22-ஐத் தாண்டவில்லை. தொட்டதும் சுடுவதுபோல் இருந்தது, ஆனால் தொடர்ந்து சுடும்போது நடுநடுவே நின்றது. விரல் கொஞ்சம் தளர்ந்தாலே அந்த கேம் சுடுவதற்குக் கேட்கும் அளவுக்குக் கீழே போய்விட்டதுதான் காரணம். அதைப் பிய்த்துவிட்டு மெல்லிய ரப்பர் ஒட்டினேன். 0.45 வந்தது, தடங்கல் போயிற்று. எனவே மெல்லியதில் தொடங்கி ஒவ்வொரு அடுக்காகக் கூட்டுங்கள். தடங்கல் தெரிந்த அடுக்கை எடுத்துவிடுங்கள். எல்லை கேமுக்கு கேம் மாறும், ஒரே எண்ணை எல்லாருக்கும் சொல்ல முடியாது.

கார் கேமுக்கு, கணினி என்றால் ஸ்டீமின் ட்ரிக்கர் அமைப்பில் முடிவு எல்லையை நீங்கள் அளந்த அதிகபட்ச அளவுக்கு இறக்கினால் முழு வேகம் திரும்பும். சாதாரண டூயல்சென்ஸை பிஎஸ்5-இல் வைத்து விளையாடுகிறீர்கள் என்றால் அப்படி ஓர் அமைப்பு இல்லை. கழற்றி மாட்டும் ஸ்டாப்தான் உங்களுக்கு ஒத்துவரும்.

கேள்வி: நானும் சோதித்தேன் சார். விண்டோஸில் joy.cpl திறந்து எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் இரண்டு ட்ரிக்கரையும் ஒன்றாக அழுத்தினால் கோடு நடுவுக்கு வந்துவிடுகிறது. ஸ்டாப் சென்சரைக் கெடுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஸ்டாப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், அப்போதும் அப்படித்தான் வரும். அந்தப் பழைய சாளரம் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் இரண்டு ட்ரிக்கரையும் ஒரே அச்சில் எதிரெதிராகக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மேலே சொன்ன வரியால் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

கேள்வி: மவுஸ் மாதிரி "க்ளிக்" என்று விழும் ட்ரிக்கர் கிட் எப்படி?

சுடும் கேம் மட்டும் ஆடுபவருக்கு நல்லது. உள்ளே மைக்ரோசுவிட்ச் இருப்பதால் அழுத்தினால் முழுசு, விட்டால் பூஜ்யம், இடையில் எதுவுமில்லை. டூயல்சென்ஸில் இறுகும் ட்ரிக்கர் உணர்வையும் இழப்பீர்கள். கார் கேமும் ஆடுவீர்கள் என்றால் வேண்டாம்.

கேள்வி: எலைட் சீரீஸ் 2 கோர் வாங்கினேன், பேடிலே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. எக்ஸ்பாக்ஸ் எலைட்டின் கோர் வகை அப்படித்தான் வரும். பேடில்கள் தனியாக விற்கும் பாகத் தொகுப்பில் இருக்கின்றன, காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். மூன்று நிலை ட்ரிக்கர் ஸ்டாப் உங்கள் கன்ட்ரோலரின் பின்பக்கத்திலேயே இருக்கிறது, தள்ளிப் பாருங்கள்.

கேள்வி: எக்ஸ்பாக்ஸில் என் பழைய வெளி பேடில் திடீரென்று 0x82d60002 என்று காட்டி நின்றுவிட்டது. சுத்தம் செய்தால் சரியாகுமா?

ஆகாது. அந்த எண், அனுமதி பெறாத துணைக்கருவி என்று பொருள். 2023 நவம்பரிலிருந்து மைக்ரோசாஃப்ட் அவற்றைக் கன்சோலில் தடுக்கிறது. இனி வாங்கும்போது எக்ஸ்பாக்ஸுக்கு உரிமம் பெற்றது என்று பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: போட்டிகளில் இதையெல்லாம் அனுமதிப்பார்களா?

நடத்துபவரைப் பொறுத்தது. தானாகத் தொடர்ந்து சுடும் வசதி கொண்டவற்றில் பிரச்சினை வர வாய்ப்பு அதிகம். ஒரு அழுத்தத்துக்கு ஒரு பட்டன் என்ற சாதாரண பேடிலைப் பற்றியே ஆளுக்கொரு கருத்து சொல்கிறார்கள். பெயர் கொடுக்கும் முன் விதியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.