சனி அரை நாள் என்றால் ஓவர்டைம் மணிக்கூலி எவ்வளவு?

"சிங்கப்பூர் ஃபேக்டரியில் வேலை. வார நாளில் 8 மணி நேரம், சனிக்கிழமை 4 மணி நேரம். அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி. ஓவர்டைமுக்கு, அதாவது ஓடிக்கு, மணிக்கு 5.77 போடுகிறார்கள். சரியா?"

சரியில்லை, குறைத்துப் போட்டிருக்கிறார்கள். 26 நாளை 8 மணியால் பெருக்கி, வரும் 208-ஆல் 800-ஐ வகுத்து, ஓடிக்காக ஒன்றரை மடங்கு ஆக்கினால்தான் 5.77 வரும். அதாவது உங்கள் சனிக்கிழமையை முழு நாளாக எண்ணிவிட்டார்கள்.

உங்களுக்கு வாரம் 44 மணி நேரம். மாதத்தில் நாலு வாரத்துக்கு மேல் இருப்பதால் வருடக் கணக்காகப் போட வேண்டும். 52 வாரம், 44 மணி: 2,288. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 190.67 மணி நேரம். மனிதவள அமைச்சின் சூத்திரமும் இதேதான்:

```
(12 × 800) ÷ (52 × 44) = 4.196
4.196 × 1.5 = 6.29
```

மணிக்கு 52 காசு போகிறது. 60 மணி நேரம் ஓடி பார்த்த மாதத்தில் 31 வெள்ளிக்கு மேல்!

இந்த 800-இல் சாப்பாடு, தங்குமிடப் படி எதுவும் கலந்திருக்கக் கூடாது. கலந்திருந்தால் கழித்துவிட்டுப் போடுங்கள். அப்புறம், வாரம் 44 மணி நேரம் முடிந்துவிட்டதால் சனிக்கிழமை அந்த 4 மணி நேரத்துக்கு மேல் நின்றாலே ஓடிதான். பே ஸ்லிப்பில் ஓடி மணிகள் தனியாக இருக்கும், அதையும் பாருங்கள்.