சிசிஎன்பி வைத்திருப்பவரா, பிஜிபியை ஓட்டியவரா?

“நெட்வொர்க் இன்ஜினியர் வேலைக்கு ரூட்டிங், ஃபயர்வால் அனுபவம், சிஸ்கோவின் சிசிஎன்பி சான்றிதழ் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தோம். ஒருவரிடம் சிசிஎன்பி இருக்கிறது. இன்னொருவரிடம் அதற்குக் கீழ்ப்படியான, 2018-ல் வாங்கிய சிசிஎன்ஏ மட்டும்தான், ஆனால் அனுபவம் அதிகம். நான் ஹெச்ஆர், டெக்னிக்கல் ஆள் இல்லை. ரெஸ்யூமை அனுப்பியிருக்கிறேன், யாரைக் கூப்பிடலாம்?”

இரண்டாமவரை முதலில் கூப்பிடுங்கள்.

சான்றிதழ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சிஸ்கோ சான்றிதழுக்கு ஆயுள் 3 வருடம். 2018-ல் வாங்கியதைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் 2021-லேயே காலாவதி. அது பெரிய குறையில்லை. வேலையில் மூழ்கிய பலர் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். உங்கள் நிறுவனம் சிஸ்கோ பார்ட்னராக இருந்து, சான்றிதழ் பெற்றவர்களைக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தால் மட்டும் கதை வேறு.

இப்போது அனுபவப் பகுதி. முதலாமவர் “பிஜிபி, ஓஎஸ்பிஎஃப், ஃபயர்வால் ஆகியவற்றில் பணியாற்றினேன்” என்கிறார். பிஜிபி, ஓஎஸ்பிஎஃப் இரண்டும் டிராஃபிக் எந்த வழியாகப் போக வேண்டும் என்று ரூட்டர்கள் தமக்குள் பேசி முடிவுசெய்யும் முறைகள். பிஜிபி வெளி நெட்வொர்க்குகளோடு, ஓஎஸ்பிஎஃப் நிறுவனத்துக்குள். ஆனால் அந்த வரியைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவரும் எழுதலாம். இரண்டாமவர் எழுதியிருப்பது: “இரண்டு ஐஎஸ்பி லிங்க். வெளியே போகும் டிராஃபிக்குக்கு லோக்கல் பிரிஃபரன்ஸ், உள்ளே வருவதற்கு ஏஎஸ் பாத் பிரிபெண்ட்.” வெளியே எந்த வழியாகப் போவது என்பது நம் கையில் இருக்கிறது, அதற்குத்தான் லோக்கல் பிரிஃபரன்ஸ். உள்ளே வருவதை அடுத்தவர்தான் தீர்மானிப்பார். நம் பாதையை நீளமாகக் காட்டி, இந்தப் பக்கம் வராதே என்று ஜாடை காட்டத்தான் முடியும், அதுதான் ஏஎஸ் பாத் பிரிபெண்ட். எந்தப் பக்கத்துக்கு எந்தக் கருவி என்று மாற்றாமல் எழுதியிருக்கிறார். சும்மா காப்பி அடிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் குழப்புவார்கள்.

ஆனால் அவர் ஃபயர்வால் பற்றி எழுதியது ஒரே வரி: “இரண்டு லிங்க்கிலும் தனித்தனி ஃபயர்வால், பாலிசி நிர்வாகம்.” இங்கே கொஞ்சம் தோண்ட வேண்டும். ஒரு லிங்க் வழியாகப் போன கோரிக்கைக்குப் பதில் மற்ற லிங்க்கில் வந்தால், அங்கிருக்கும் ஃபயர்வால் அந்தத் தொடர்பின் ஆரம்பத்தையே பார்த்திருக்காது. அதனால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். பாலிசி சரியாகத்தான் இருக்கும், சைட் மட்டும் திறக்காது. “இதை எப்படிச் சமாளித்தீர்கள்?” என்று கேளுங்கள். இரண்டு ஃபயர்வாலுக்கும் இடையே செஷன் தகவலைப் பகிர்ந்தேன் என்றோ, போவதும் வருவதும் ஒரே வழியாக இருக்கும்படி ரூட்டிங்கை மாற்றினேன் என்றோ சொன்னால் சரி. “எல்லாவற்றையும் அனுமதிக்கும் ரூல் போட்டேன்” என்றால் யோசியுங்கள்.

அப்புறம் இருவரிடமும் ஒரு சின்னக் கேள்வி. சிஸ்கோ ரூட்டரில், பிஜிபி இணைப்புகளின் நிலையைக் காட்டும் இந்த கமாண்டைக் கொடுக்கிறோம்:

```
show ip bgp summary
```

கடைசி நெடுவரிசையில் `Active` என்று வருகிறது. இணைப்பு நன்றாக இருக்கிறதா? ஆங்கிலச் சொல்லை நம்பி “ஆமாம்” என்பவர் அந்தத் திரையை அதிகம் பார்த்தவரில்லை. இணைப்பு ஏறிவிட்டால் அங்கே வந்த ரூட்டுகளின் எண்ணிக்கைதான் தெரியும். `Active` என்றால் ரூட்டர் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது, இணைப்பு ஏறவில்லை.