சான்றுக்கும் கூற்றுக்கும் நடுவே – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 'இந்தியாவில் உறுப்புதானத்துக்கு அனுமான ஒப்புதல் முறை வேண்டுமா?' என்ற தலைப்பில் ஒரு வாதக் கட்டுரை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பத்தியிலும் கூற்று, சான்று, காரணம் மூன்றும் இருக்க வேண்டும் என்று சொல்லித்தந்திருக்கிறார்கள். என் இரண்டாம் பத்தி இது:

"அனுமான ஒப்புதல் முறை உயிர்களைக் காக்கும். மறுப்புத் தெரிவிக்காத அனைவரையும் கொடையாளராகக் கருதும் ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம் பேர் உறுப்புதானத்துக்கு ஒப்புக்கொண்டுள்ளனர். பதிவு செய்தவரை மட்டுமே கொடையாளராகக் கொள்ளும் ஜெர்மனியில் 12 சதவீதம் பேரே ஒப்புக்கொண்டுள்ளனர். ஆகவே இந்தியாவும் இம்முறைக்கு மாற வேண்டும் என்பது தெளிவாகிறது."

பேராசிரியர் ஓரத்தில் 'காரணம் எங்கே?' என்று மட்டும் எழுதியிருக்கிறார். இவ்வளவு பெரிய வேறுபாட்டை எண்ணே காட்டும்போது தனியாக ஒரு காரணம் எதற்கு?

க., மதுரை

அன்புள்ள க.,

உங்கள் பத்தியில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, 'ஒப்புக்கொண்டுள்ளனர்' என்ற வினைச்சொல்லை. ஆஸ்திரியாவில் அந்த 99.98 சதவீதத்தினரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை; அவர்கள் மறுப்பைப் பதிவு செய்யவில்லை என்பது மட்டுமே நமக்குத் தெரியும். மறுக்காமல் இருந்ததை ஒப்புதல் என்று சொல்லலாமா என்பதுதான் உங்கள் கட்டுரை முழுவதும் விவாதிக்க வேண்டிய கேள்வி. அதற்கு 'சொல்லலாம்' என்ற விடையைச் சான்று வாக்கியத்தின் வினைமுற்றுக்குள்ளேயே மறைத்து வைத்துவிட்டீர்கள். உங்களை மறுப்பவர் அந்த ஒரு சொல்லைப் பிடித்து இழுத்தால் பத்தி முழுவதும் அவிழ்ந்துவிடும். உயிரறவியல் கட்டுரைகளில் மிகுதியாகக் காணும் பிழை இது: சான்று என்ற பெயரில் நிற்கும் வாக்கியம், நிறுவ வேண்டிய அறத்தீர்ப்பை முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிடுகிறது. 'மறுப்புத் தெரிவிக்கவில்லை' என்று மாற்றி எழுதிப் பாருங்கள். எண் அப்படியே இருக்கும், ஆனால் அதன் பலம் எவ்வளவு குறைகிறது என்பது உடனே தெரியும்.

அடுத்து, உங்கள் கூற்று உயிர்களைப் பற்றியது, சான்றோ பதிவேட்டு நிலையைப் பற்றியது. இரண்டுக்கும் நடுவே நீண்ட வழி இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு மூளைச்சாவு நேர வேண்டும், அதை மருத்துவர்கள் உரிய நேரத்தில் கண்டறிந்து உறுதிசெய்ய வேண்டும், உறுப்புகள் பொருத்தத்தக்க நிலையில் இருக்க வேண்டும், சட்டம் எதுவாக இருந்தாலும் பெரும்பாலான நாடுகளில் குடும்பத்தாரிடமும் பேச வேண்டும். நீங்கள் எடுத்தாண்டிருக்கும் எண்கள் 2003ஆம் ஆண்டு எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டைனும் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தவை. அதே கட்டுரை, நாடுகளுக்கிடையிலான பிற வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, உண்மையாக நடந்த தானத்தையும் மதிப்பிடுகிறது. அங்கே அனுமான ஒப்புதலால் விளையும் உயர்வு ஏறத்தாழ 16 சதவீதம்தான். எட்டு மடங்கு என்று கண்ணைப் பறித்த வேறுபாடு, உறுப்பு என்ற அளவுகோலுக்கு வரும்போது இவ்வளவாகச் சுருங்குகிறது. கட்டுரையாளர்கள் எதையும் மறைக்கவில்லை. அதை எடுத்துக்காட்டுகிறவர்கள்தான் பெரும்பாலும் பதிவேட்டு எண்களோடு நின்றுவிடுகிறார்கள்.

பேராசிரியர் கேட்ட காரணம் என்பது இந்த வழியைக் கடக்கும் வாக்கியம். மணிமேகலையில் அறவண அடிகள் அளவை எனும் தருக்கம் கற்பிக்கும்போது, பக்கம் எனப்படும் 'இம்மலை நெருப்புடைத்து' என்ற கூற்றுக்கும் ஏது எனப்படும் 'புகையுடைத்து ஆதலால்' என்ற சான்றுக்கும் பிறகு அடுக்களையைத் திட்டாந்தமாக, அதாவது எடுத்துக்காட்டாக, கொண்டுவருவதை நீங்கள் படித்திருக்கக்கூடும். புகையைக் கண்டதால் மட்டும் நெருப்பு நிலைநாட்டப்படவில்லை. புகை உள்ள இடத்தில் நெருப்பும் உண்டு என்ற தொடர்பை அடுக்களை தாங்கி நிற்கிறது. உங்கள் பத்தியில் புகையும் மலையும் இருக்கின்றன, அடுக்களை இல்லை. அந்த இடத்தில் நிற்பது 'தெளிவாகிறது' என்ற சொல். ஒரு பத்தியில் 'தெளிவாகிறது', 'புலனாகிறது' என்று எழுதக் கை போகும்போதெல்லாம் அங்கே எழுதப்படாத ஒரு காரணம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, உங்கள் சான்றை முழுவதும் ஏற்றுக்கொண்டும் கூற்றை மறுக்கும் ஒருவர் அடுத்து என்ன சொல்வார் என்று கேட்டுப் பாருங்கள். காரண வாக்கியம் அதற்குத்தான் விடை சொல்ல வேண்டும்.

இங்கே அவர் ஸ்பெயினைச் சொல்வார். அங்கே அனுமான ஒப்புதல் சட்டம் 1979இலேயே வந்துவிட்டது. ஆனால் பத்தாண்டு கழித்து, 1989இல், பத்து லட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 14 கொடையாளர்களே இருந்தனர். அந்த ஆண்டில் தேசிய உறுப்பு மாற்று அமைப்பை நிறுவி, மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்திய பிறகு, சட்டத்தில் மாற்றம் ஏதும் இல்லாமலே அந்த எண்ணிக்கை அடுத்த பத்தாண்டில் 33ஐத் தாண்டியது. இன்றும் அங்கே குடும்பத்தாரிடம் கேட்காமல் உறுப்பு எடுப்பதில்லை. இந்தச் செய்தியை எதிர்த்தரப்பு எடுக்கும் வரை காத்திராமல் நீங்களே உங்கள் பத்திக்குள் கொண்டுவந்தால், கூற்று தானாகவே தன் அளவுக்குச் சுருங்கும். நான் எழுதினால் ஏறத்தாழ இப்படி எழுதுவேன்:

"மறுக்காதவரைக் கொடையாளராகக் கொள்ளும் சட்டம், மூளைச்சாவைக் கண்டறிந்து குடும்பத்தாரிடம் பேசும் ஏற்பாடு மருத்துவமனைகளில் உள்ள இடத்தில், கிடைக்கும் உறுப்புகளின் எண்ணிக்கையை ஓரளவு கூட்டக்கூடும். பல நாடுகளை ஒப்பிட்ட 2003ஆம் ஆண்டு ஆய்வொன்று, இம்முறையால் உண்மையான தானம் ஏறத்தாழ 16 சதவீதம் உயர்வதாக மதிப்பிட்டது. குடும்பத்தாரிடம் கேட்கப்படும் கேள்வி 'கொடுக்கச் சம்மதமா?' என்பதிலிருந்து 'அவர் மறுத்திருந்தாரா?' என்பதாக மாறுவதால், துயரத்தின் நடுவே புதிதாக ஒரு முடிவெடுக்கும் சுமை குறைவது இந்த உயர்வுக்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கப் பயிற்சி பெற்ற ஒருவர் இல்லாத இடத்தில் சட்டத்தால் பெரும்பயன் விளையாது என்பதை, 1979 சட்டத்துக்குப் பிறகும் 1989 வரை பின்தங்கியிருந்த ஸ்பெயின் காட்டுகிறது."

இந்தப் பத்தியில் 'வேண்டும்' என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். உறுப்புகள் கூடும் என்பது உலகநிலை பற்றிய கூற்று, அதாவது என்ன நடக்கிறது என்பதைச் சொல்வது. எந்தப் புள்ளிவிவரமும் அதைத் தாண்டி 'செய்யத் தகும்' என்ற இடத்துக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. அதற்கு அறம் சார்ந்த வேறொரு கூற்று தேவை, அதற்குத் தனிப் பத்தியும் தேவை. எளிதில் மறுக்க வழி இருக்கும்போது மௌனத்தை ஒப்புதலாகக் கொள்வது தனிமனிதரின் உரிமையை மீறுவதாகாது என்பதுதான் உங்கள் மூன்றாம் பத்தியின் கூற்றாக இருக்க முடியும்.

இங்கேயும் ஒரு புள்ளிவிவரத்தைத் தேடி ஓடாதீர்கள். பெரும்பான்மையினர் தானம் செய்ய விரும்புகிறார்கள் என்று ஒரு கருத்துக்கணிப்பு சொன்னாலும், எதுவும் சொல்லாமல் இறந்துபோன அந்த ஒருவரின் விருப்பத்தை அது சொல்லாது. அறக்கூற்றுக்குச் சான்றாவது, இரு தரப்பும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு நிலைமை. ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பதில் வழுக்கல் உண்டு. விபத்தில் நினைவிழந்தவருக்கு ஒப்புதல் கேட்காமலே அறுவை சிகிச்சை செய்கிறோமே என்று பலர் எழுதுகிறார்கள். அங்கே அனுமானிப்பது அவருடைய நலனுக்காக, இங்கேயோ பிறர் நலனுக்காக, ஆகவே ஒப்புமை முதல் கேள்வியிலேயே முறிகிறது. சந்தேக மரணத்தில் குடும்பம் விரும்பாவிட்டாலும் பிரேதப் பரிசோதனை நடக்கிறதே என்பது இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு, ஆனால் அது உங்களுக்குத் தேவையானதைவிட மிகுதியாக நிறுவுகிறது. அங்கே அரசு ஒப்புதலை அனுமானிக்கவில்லை, ஒப்புதலே வேண்டாம் என்கிறது. அதை ஏற்றால், மறுப்பைப் பதிவு செய்தவரின் உறுப்பையும் எடுக்கலாம் என்ற இடத்துக்கு உங்கள் வாதம் போய்விடும்.

சட்டம் படிக்கும் உங்களுக்குக் கைக்கெட்டிய தொலைவில் இவற்றைவிடப் பொருத்தமான சான்று இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்புகள் மாற்றுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் உயிரோடிருக்கும்போது அனுமதியும் தரவில்லை, மறுக்கவும் இல்லை என்றால், அவருடைய உடலுக்குச் சட்டப்படி பொறுப்பானவர் உறுப்புகளை எடுக்க அனுமதி தரலாம். நெருங்கிய உறவினர் ஒருவருக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் தரக்கூடாது. ஆகவே இந்தியச் சட்டம் இன்றைக்கே மௌனத்தை மறுப்பாகக் கொள்வதில்லை. இதைச் சான்றாக வைத்தால் காரணம் கூர்மையாகிறது: மௌனமாக இறந்தவரிடமிருந்து உறுப்பை எடுக்கலாமா என்பது நம்மிடையே தீர்ந்துபோன கேள்வி; அந்த மௌனத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை குடும்பத்துக்கா, முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிவிக்கப்பட்ட ஒரு பொதுவிதிக்கா என்பதே மிஞ்சியிருப்பது. இறந்தவரின் விருப்பத்துக்கு எது அருகில் இருக்கும் என்று அங்கிருந்து நீங்கள் வாதிடலாம். இப்பத்தியில் சான்று இரண்டு வாக்கியங்களில் முடிந்து காரணம் ஆறேழு வாக்கியங்களுக்கு நீளும். முந்தைய பத்தியில் சான்றும் காரணமும் ஏறக்குறைய ஒத்த அளவில் நின்றன. கூற்று, சான்று, காரணம் மூன்றுக்கும் எங்கும் சம இடம் தர வேண்டும் என்று யாராவது சொல்லித்தந்திருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

'இந்தியாவும் மாற வேண்டும்' என்ற வாக்கியத்தை நான் இந்த இரண்டு பத்திகளுக்கும் பின்னால்தான் வைப்பேன், அதுவும் உடனே அல்ல. மூன்றாம் பத்தியின் கூற்றில் 'எளிதில் மறுக்க வழி இருக்கும்போது' என்ற நிபந்தனை இருக்கிறது. விதி மாறிவிட்டது என்ற செய்தி ஒரு மலைக்கிராமத்தவருக்கு எப்படிப் போய்ச்சேரும், எழுதப் படிக்கத் தெரியாதவர் தன் மறுப்பை எங்கே பதிவார், அந்தப் பதிவு நள்ளிரவில் ஒரு மாவட்ட மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள மருத்துவருக்குக் கிடைக்குமா என்பவையெல்லாம் மறுபடியும் உலகநிலை பற்றிய கேள்விகள். அவற்றுக்கான சான்றோடு நான்காம் பத்தியை எழுத முடிந்தால் அந்த வாக்கியத்தை அதன் பின்னால் வையுங்கள். முடியாவிட்டால், நிபந்தனையை அப்படியே விட்டு 'இந்த ஏற்பாடு அமைந்த பிறகு மாறலாம்' என்று எழுதுங்கள்.