சுருங்கிய சட்டையை எவ்வளவு இழுக்கலாம்? காரைக்குடித் தையற்காரர் பதில்

காரைக்குடியில் 31 வருடமாகச் சட்டை தைக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் கேட்பதில் பாதி தையல் பற்றியே இருக்காது. துவைத்துக் கெடுத்ததைச் சரிசெய்ய வழி கேட்பார்கள். பருத்திச் சட்டை சுருங்கியது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மகனின் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த வெள்ளைப் பருத்திச் சட்டை. மஞ்சள் கறை போக வேண்டுமென்று வாஷிங் மெஷினில் சுடுதண்ணீர் வைத்துத் துவைத்துவிட்டேன். இப்போது கை மணிக்கட்டுக்கு மேலே நிற்கிறது. அடுத்த வாரம் கல்யாணம். ஏதாவது செய்ய முடியுமா தம்பி? (கோட்டையூர்)

முடியும் ஆச்சி. முழுதாகத் திரும்பி வராது, போட்டுக்கொள்ளும்படி வரும். இந்தத் தை மாதம் என் தங்கை மகன் சட்டைக்கு இதே கதி ஆனது. அதற்குச் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் இன்ச் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அளக்காமல் இழுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வெட்டுவது மாதிரி. அந்தச் சட்டையின் பின்பக்க உயரம் 30 அங்குலமாக இருந்தது, 28½ ஆகிவிட்டது. கை 25 இருந்தது, 24 ஆகிவிட்டது. மார்புச் சுற்றில் அரை அங்குலம்கூடக் குறையவில்லை. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், நீளம் போகும், அகலம் நிற்கும். காரணத்தைக் கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

ஒரு வாளியில் ஐந்து லிட்டர் தண்ணீர், கை வைத்தால் இதமாக இருக்கிற சூடு போதும். குழந்தையைக் குளிப்பாட்டும் பதம் என்றால் உங்களுக்குத் தெரியும். தலைக்குப் போடுகிற கண்டிஷனர் இரண்டு மேசைக்கரண்டி விட்டு நன்றாகக் கலக்குங்கள்; கட்டியாக நின்றால் துணியில் எண்ணெய்த் திட்டு விழும். சட்டையை முக்கி அரை மணி நேரம் விடுங்கள். தேய்க்கவோ கசக்கவோ வேண்டாம். எடுத்ததும் பிழியாதீர்கள். ஒரு பெரிய துண்டில் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, மேலே உள்ளங்கையால் அழுத்துங்கள். தண்ணீர் சொட்டக்கூடாது, துணி குளிர்ந்து கனமாக இருக்க வேண்டும். அதுதான் பதம்.

தரையில் பழைய வெள்ளை வேட்டியை மடித்து விரித்து, சட்டையை அதன்மேல் போடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த வீடானால் வேட்டியை மெல்லிதாக விரியுங்கள். கல்லின் கோடு அடியில் தெரியும், சட்டை கோணாமல் பார்த்துக்கொள்ள அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் துணிமேல் பதித்து, ஒன்றைக் காலர் பக்கமும் இன்னொன்றைக் கீழ்மடிப்புப் பக்கமும் மெதுவாக விலக்குங்கள். ஒரு சாண் தள்ளி, மறுபடியும் அதே. விரல் நுனியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஓரம் பிறை பிறையாக வளைந்துவிடும், பிறகு அதைச் சரிசெய்யவே முடியாது. கையைத் தோள் தையலிலிருந்து கஃப் வரை இதேபோல் இழுங்கள். ஒரே மூச்சில் வேண்டாம், இரண்டு மூன்று சுற்றாகப் போங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் அளந்து பாருங்கள்.

இழுத்ததை அப்படியே நிறுத்திக் காயவைத்தால்தான் பலன். குண்டூசி குத்தாதீர்கள், ஈரத்தில் துரு இறங்கும். நான் தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் சொம்புகளைக் காலர் மேல் இரண்டு, கீழ்மடிப்பில் மூன்று, கஃபுக்கு ஒவ்வொன்று என்று வைத்தேன். ஃபேன் காற்றில் முக்கால்வாசி காய்ந்ததும், இன்னும் ஈரம் தொடுகிறபோதே இஸ்திரி போட்டேன், ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு. கடைசியில் உயரம் 29½, கை 24¾. மணிக்கட்டு மறைந்தது, அது போதுமாக இருந்தது.

கறையைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சளுக்குச் சோப்பும் நல்ல வெயிலும் போதும், சுடுதண்ணீர் தேவையில்லை.

கண்டிஷனர் போட்டால் முடி நீளுகிற மாதிரி பருத்தி நூலும் நீளும் என்று படித்தேன். அதனால் அரை பாட்டில் ஊற்றினேன். சட்டை வழவழவென்று இருக்கிறதே தவிர நீளவில்லை. (தேவகோட்டை)

கண்டிஷனர் போட்டு முடியே நீளுவதில்லையே தம்பி. அது நூலின் மேல் ஒரு வழுக்கலைப் பூசுகிறது. நூலும் நூலும் உரசாமல் நழுவும், இழுக்கிற கைக்கு வேலை சுலபமாகும், அவ்வளவுதான். நீளம் கொடுப்பது உங்கள் கை.

நானே ஒருமுறை கழித்துப்போட்ட சட்டையின் இரண்டு கைகளையும் வெட்டி, ஒன்றை வெறும் தண்ணீரிலும் ஒன்றைக் கண்டிஷனர் தண்ணீரிலும் ஊறவைத்து இழுத்துப் பார்த்தேன். டேப்பில் வித்தியாசம் ஒரு நூல் அளவுகூட இல்லை. கைக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது. ஒரு சட்டையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் வீட்டில் கண்டிஷனர் இல்லையென்று யாரும் கடைக்கு ஓட வேண்டாம். குழந்தைகள் ஷாம்புவும் போதும்.

உங்கள் சட்டையை இரண்டு தண்ணீரில் அலசிவிட்டு, அந்த ஈரத்திலேயே மறுபடியும் இழுங்கள்.

ஐயா, நான் கைத்தறி நெசவு படிக்கிறேன். பாவு நூல்தான் அதிகம் சுருங்கும் என்று ஆசிரியர் சொன்னார். நூல் குட்டையாகிவிட்டால் இழுத்து எப்படி நீளமாகும்? (காரைக்குடி)

உங்கள் ஆசிரியர் சொன்னது சரி. நூல் குட்டையாகிறது என்று நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் தவறு. தறியில் பாவு நூல் நீளவாக்கில் விறைப்பாக இழுபட்டு நிற்கிறது, ஊடை அதற்குள் குறுக்கே போகிறது. பிறகு ஆலையில் சாயம், கஞ்சி, உருளை என்று போகும்போதும் துணி நீளவாக்கில் இழுபட்டே போகிறது. அந்த இழுப்பு துணிக்குள் கடன் மாதிரி தங்கியிருக்கும்.

தண்ணீர் பட்டதும் பருத்தி ஊறிப் பருக்கிறது. பருத்த ஊடை நூலைச் சுற்றி ஏறி இறங்கப் பாவுக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அதை எங்கிருந்து எடுக்கும்? துணியின் நீளத்திலிருந்துதான். நூலின் நீளம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, நெளிவுதான் கூடிவிட்டது. நாம் ஈரத்தில் இழுத்து அந்த நெளிவைக் கொஞ்சம் நிமிர்த்துகிறோம், இழுத்த நிலையில் காயவைத்து நிறுத்துகிறோம். நெளிவு தீர்ந்த பிறகும் இழுத்தால் நூல் அறும்.

சட்டையில் பாவு மேலிருந்து கீழே, கையிலும் நீளவாக்கில் ஓடும்படி வெட்டுவோம். அதனால்தான் உயரமும் கையும் முதலில் போகின்றன. தோளின் பின்பக்கப் பட்டையில் பலர் பாவைக் குறுக்கே போட்டு வெட்டுவார்கள். அந்தச் சட்டை சுருங்கினால் தோள் இறுக்கும்.

சுடுதண்ணீரில் சுருங்கியது சுடுதண்ணீரில்தான் விரியும். கொதிக்கவைத்து ஊறப்போடச் சொல்லுங்கள். என் அப்பச்சி அப்படித்தான் செய்வார். (பள்ளத்தூர்)

ஊறவேண்டும் என்பது சரி, கொதி தேவையில்லை. கொதிக்கிற தண்ணீரில் துணி தொளதொளவென்று கிடந்தால் இன்னும் மிச்சமிருந்த இழுப்பும் விட்டுப்போய் மேலும் சுருங்கும். உங்கள் அப்பச்சி காலத்து வேட்டிகள் வெள்ளாவியில் வைத்து ஏற்கெனவே சுருங்கித் தீர்ந்தவை. அவற்றுக்கு எதுவும் ஆகாது. நேற்று வாங்கிய சட்டைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

என்னுடைய கண்டாங்கிச் சேலை துவைத்த பிறகு கரையோரம் சுருண்டு நிற்கிறது. அதற்கும் கண்டிஷனர் போடலாமா? (கானாடுகாத்தான்)

சேலைக்கு வேறு வேலை ஆச்சி. அதில் உடல் ஒருவிதமாகவும் கரை ஒருவிதமாகவும் சுருங்கியிருக்கிறது. ஊறவைக்கும் முன்பு, சிவப்போ கருப்போ இருக்கும் இடத்தில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் ஊறவைக்காதீர்கள், தண்ணீர் தெளித்தால் போதும். பிறகு நீங்களும் இன்னொருவரும் வளவில் எதிரெதிரே நின்று, கரையைப் பிடித்து, அந்தக் காலத்தில் சேலை மடிப்பதற்கு முன் இழுப்பார்களே, அப்படிச் சாண் சாணாக இழுங்கள். முழுதும் நேராகும் என்று என்னால் சொல்ல முடியாது.

எல்லாம் செய்தேன் அண்ணே. உடல் வந்துவிட்டது. காலர் மட்டும் கொப்புளம் கொப்புளமாக நிற்கிறது, மேல் பட்டனும் போடமுடியவில்லை. (புதுவயல்)

காலர் விறைப்பாக நிற்க உள்ளே பக்ரம் என்ற கெட்டித் துணி ஒட்டியிருக்கும். துணி சுருங்கும், பக்ரம் அதே அளவுக்குச் சுருங்காது. இரண்டுக்கும் நடுவே பசை விட்ட இடம் கொப்புளம். இழுத்தால் இன்னும் அசிங்கமாகும். சில சட்டைகளில் ஈரத்துணி போட்டு அழுத்தி இஸ்திரி போட்டால் பசை மறுபடி பிடிக்கும், சிலவற்றில் பிடிப்பதேயில்லை. எது பிடிக்கும் என்று பார்த்தவுடன் எனக்கும் தெரியாது.

பட்டனை அரை விரல் ஓரத்துக்குத் தள்ளித் தைத்துக்கொள்ளுங்கள். டை கட்டாத ஆளுக்கு அது வெளியே தெரியாது. கொப்புளம் போகவில்லை என்றால் காலரை மாற்றித் தைக்க வேண்டியதுதான்.

ஈரச் சட்டையைக் கொடியில் தலைகீழாகப் போட்டு, நான்கு செங்கல்லைத் தொங்கவிட்டால் தானே நீளாதா? (காரைக்குடி)

செங்கல் தொங்குகிற இடம் நீளும், மற்ற இடம் நீளாது. ஒருவர் இப்படிச் செய்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். கீழ்மடிப்பு நான்கு இடத்தில் தொங்கியது, ஒரு பக்கம் தையலும் விட்டிருந்தது. தைத்த நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர், அது சுருங்குவதும் இல்லை, பருத்தியோடு சேர்ந்து நீளுவதும் இல்லை. பக்கத் தையலில் இழுக்கும்போது படபடவென்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

பனியன் துணி டி-சர்ட்டுக்கும் இதுதானா? (தேவகோட்டை)

அதற்கு இன்னும் சுலபம். பின்னல் துணியில் கண்ணிகள்தான் இருக்கின்றன, இழுத்தால் ஓடிவரும். ஆனால் நீளத்தில் இழுத்தால் அகலம் குறையும். இரண்டையும் அளந்துகொண்டே இழுங்கள்.

சலவைக்குப் போட்ட சட்டை சுருங்கி வந்தது. கேட்டால், 'உங்கள் துணிதான் மட்டம்' என்கிறார்கள். இழுத்துச் சரிசெய்துவிட்டேன். அடுத்த முறை துவைத்தால் பழைய கதைதானா? (கோட்டையூர்)

யார் பக்கம் தவறு என்று துணியைப் பார்க்காமல் சொல்லமாட்டேன். ஓரத்தில் சான்ஃபரைஸ்டு என்று அச்சிட்ட துணியாக இருந்தால், அதை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கியிருப்பார்கள். அது அதிகம் சுருங்கக்கூடாது. அப்படியில்லாத துணியென்றால் முதல் சலவையிலேயே போகும். அதனால்தான் துணி எடுத்துத் தைக்கக் கொடுப்பவர்களிடம், ஒரு இரவு தண்ணீரில் போட்டுக் காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று சொல்கிறேன். பத்துப் பேரில் மூன்று பேர் கேட்கிறார்கள்.

அடுத்த சலவையில் என்ன ஆகும் என்கிறீர்கள். நாம் இழுத்து வைத்ததும் ஒரு இழுப்புத்தான், தண்ணீர் பட்டால் அதுவும் கொஞ்சம் விடும். என் தங்கை மகன் சட்டை, பச்சைத் தண்ணீரில் துவைத்தும், முதல் சலவையில் 29½-லிருந்து 29¼-க்கு வந்தது. அதற்குப் பிறகு அவன் அம்மா ஒவ்வொரு முறையும் ஈரத்தோடு உதறி, கையையும் உடலையும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிழலில் போடுகிறாள். மூன்று மாதம் கழித்துப் போன வாரம் அளந்தேன், அதே 29¼.