ஈயம் 0.06 என்கிறது ஒரு ரிப்போர்ட், பி.டி.எல். என்கிறது இன்னொன்று

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை இரண்டு லேபில் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றில் ஈயம் லிட்டருக்கு 0.06 மில்லிகிராம் என்று வந்தது. மற்றதில் பி.டி.எல். என்று போட்டிருக்கிறார்கள். இரண்டிலுமே முறை ஏ.ஏ.எஸ். என்றுதான் இருக்கிறது. டி.டி.எஸ். 1,800. முதல் டெஸ்டை ஏற்பாடு செய்து கொடுத்தவர் சுத்திகரிப்பு மெஷின் விற்பவர். உடனே மெஷின் போடுங்கள் என்கிறார். எதை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம். அவை ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்றும் நினைக்க வேண்டாம். பி.டி.எல். என்றால் "எங்கள் முறையால் கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்குக் கீழே" என்று மட்டுமே அர்த்தம். அந்த அளவு எவ்வளவு என்று பக்கத்தில் எழுதாவிட்டால் அந்த மூன்று எழுத்துக்கு மதிப்பே கிடையாது. ஏ.ஏ.எஸ். என்பது உலோக அணுக்கள் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகின்றன என்று பார்க்கும் முறை. சுடர் வைத்து ஈயம் பார்க்கும் வழக்கமான ஏ.ஏ.எஸ். முறையில் அந்த எல்லை லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரைகூட இருக்கலாம். அப்படியானால் 0.06 இருந்தாலும் அந்த லேப் பி.டி.எல். என்றுதான் எழுதும். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு 0.01. அதைப்போல் பத்து மடங்கு இருந்தால்தான் கண்ணில் படும் என்ற முறையை வைத்துக்கொண்டு "இல்லை" என்று எழுதிக் கொடுப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வருடக்கணக்காக இதைச் சொல்லிப் பார்த்தாயிற்று. ரிப்போர்ட் படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட யாருக்கும் மனம் வரவில்லை.

சரி, முதல் லேபின் 0.06 உண்மையா? அதற்குக் கருவி என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். ஈயத்தாலேயே ஆன உள்முனை கொண்ட ஒரு விளக்கு இருக்கும். ஹாலோ கேத்தோடு விளக்கு என்பார்கள். அது ஈய அணுக்கள் மட்டும் உறிஞ்சக்கூடிய ஒளியை விடும். அந்த ஒளி ஒரு நீளமான சுடருக்குள் போகும். உங்கள் தண்ணீரைப் பனிபோலத் தூவிச் சுடருக்குள் அனுப்புவார்கள். தண்ணீரில் ஈயம் இருந்தால் சுடரில் தனி அணுக்களாகப் பிரிந்து அந்த ஒளியில் கொஞ்சத்தை விழுங்கும். எவ்வளவு குறைந்தது என்பதுதான் அளவு.

ஈயத்துக்கு அதிகம் பயன்படும் அலைநீளம் 217.0 நானோமீட்டர். நல்ல நிலையில் உள்ள கருவியில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஈயம் உள்ள கரைசலை விட்டால் உறிஞ்சல் 0.04 என்ற அளவில் வரும். உங்கள் 0.06 மில்லிகிராமுக்கு அது 0.0024. பாதுகாப்பு எல்லையான 0.01-க்கு வெறும் 0.0004. வெறும் தண்ணீரை விட்டாலே திரையில் எண் 0.001 வரை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். லாரி எடை பார்க்கும் மேடையில் மோதிரத்தை நிறுத்துகிற கதைதான். ஆக 0.06 என்பது சுடர் முறை சொல்லத் தகுதியுள்ள எல்லையின் ஓரத்தில் நிற்கிற எண்.

அதோடு உங்களிடம் டி.டி.எஸ். 1,800 இருக்கிறது. இதுதான் எனக்கு உறுத்துகிறது. உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த தண்ணீரைச் சுடரில் தூவினால் முழுதாக ஆவியாகாத துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். உப்பு மூலக்கூறுகளும் கொஞ்சம் ஒளியை விழுங்கும். ஈய அணு ஒன்றுகூட இல்லாவிட்டாலும் ஒளி குறையும், கருவி அதை ஈயம் என்று கணக்கெழுதிவிடும். 217.0 போன்ற குட்டை அலைநீளத்தில் இந்தத் தொல்லை அதிகம். 0.0024 உறிஞ்சலைப் போலியாகக் காட்ட உப்பு ரொம்பச் சிரமப்பட வேண்டியதில்லை.

இதைக் கழிப்பதற்குத்தான் கருவியில் டியூட்டீரியம் விளக்கு என்று இரண்டாவது விளக்கு இருக்கிறது. அதன் ஒளி பரந்த பட்டையாக வருவதால் ஈய அணுக்கள் அதில் விழுங்குவது கணக்கில் வராத அளவு. உப்பின் மூட்டம் மட்டுமே அதைக் குறைக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஈயம் மட்டும் மிஞ்சும். கேட்க எளிது. ஆனால் அதைப் போட்டால் எண் இன்னும் கொஞ்சம் ஆடும் என்று அணைத்து வைக்கும் லேப்களும் உண்டு. விளக்கு செத்துப்போய் மாற்றாமல் விட்ட லேப்களும் உண்டு. ரிப்போர்ட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. கேட்டால்தான் தெரியும்.

கேட்கும்போது ஒரு பதிலில் ஏமாந்துவிடாதீர்கள். "உங்கள் தண்ணீரிலேயே தெரிந்த அளவு ஈயத்தைச் சேர்த்துப் பார்த்தோம், சேர்த்தது அப்படியே திரும்பி வந்தது, ஆகவே எங்கள் எண் சரி" என்பார்கள். அந்தச் சோதனை நல்லதுதான், வேறு ஒரு தவறுக்கு. தண்ணீரில் உள்ள ஏதோ ஒன்று ஈயத்தின் சமிக்ஞையை அமுக்குகிறதா என்று அது காட்டும். உப்பு மூட்டம் அப்படி அமுக்குவதில்லை, மேலே ஒரு நிலையான தொகையைக் கூட்டுகிறது. உதாரணமாக உங்கள் தண்ணீரில் ஈயம் பூஜ்யம், உப்பின் போலி அளவு 0.06 என்று வைத்துக்கொள்வோம். லேப் 0.50 மில்லிகிராம் சேர்க்கிறது. கருவி 0.56 காட்டும். கழித்தால் 0.50, நூறு சதவீதம் திரும்பிவிட்டது! 0.06 மட்டும் பொய்யாகவே உட்கார்ந்திருக்கும். போலியைப் பிடிக்க வேண்டுமானால் விளக்கு விடும் கோடுகளில், அதாவது தனித்தனி அலைநீளங்களில், ஈய அணு விழுங்காத 220.4 நானோமீட்டரில் அதே தண்ணீரைப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஒளி குறைந்தால் அது ஈயத்தின் வேலை இல்லை.

விளக்கைப் பற்றி ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும், இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. சில லேப்கள் ஈயத்துக்குத் தனி விளக்கு வாங்காமல், செம்பும் ஈயமும் இன்னும் சில உலோகங்களும் சேர்ந்த கூட்டு விளக்கை வைத்திருப்பார்கள். விளக்கு மாற்றி மாற்றிச் சூடாக்கும் நேரம் மிச்சம். பல உலோகங்களுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஈயத்துக்கு 217.0-ல் கெடுதல் உண்டு. செம்புக்கு 216.5-ல் ஒரு கோடு இருக்கிறது, சுடரில் உள்ள செம்பு அணுக்கள் அதை நன்றாகவே விழுங்கும். எந்த அலைநீளங்களை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் கருவியின் பிளவை 1 நானோமீட்டர் அகலத்துக்குத் திறந்து வைத்தால் இரண்டு கோடும் சேர்ந்தே உள்ளே வரும். அப்போது உங்கள் தண்ணீரில் செம்பு இருந்தால் அதன் ஒரு பங்கு ஈயம் என்ற பெயரில் ரிப்போர்ட்டில் ஏறும். செம்புக் குழாயிலோ பித்தளைக் குழாயிலோ இரவு முழுக்க நின்ற தண்ணீரில் செம்பு சாதாரணமாகவே இருக்கும். குடிநீரில் செம்புக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை வழிகாட்டு அளவு இருக்கிறது, ஈயத்துக்கு 0.01 தான். ஆகையால் செம்பில் சின்ன பங்கு தவறி வந்தாலே ஈயக் கணக்கு கெட்டுவிடும். இதை டியூட்டீரியம் விளக்கும் கழிக்காது, ஏனென்றால் இது மூட்டம் இல்லை, இன்னொரு அணுவின் மெல்லிய கோடு. ஈயத்துக்கென்று தனி விளக்கு போட்டால் தொல்லை அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் 283.3 நானோமீட்டருக்கு மாறலாம். அங்கே உணர்திறன் பாதிக்கும் குறைவு, ஆனால் கோடு அமைதியானது, உப்பு மூட்டமும் குறைவு. ஒரே தண்ணீர் 217.0-ல் ஒரு அளவும் 283.3-ல் அதைவிடத் தெளிவாகக் குறைந்த அளவும் காட்டினால் முதலாவதில் ஈயம் அல்லாத ஏதோ ஒன்று கலந்திருக்கிறது.

சுடர் பற்றி உங்களுக்கு அதிகம் தேவையில்லை. ஈயத்துக்குக் காற்றும் அசிட்டிலீனும் கலந்த, எரிவாயு குறைவான நீலச் சுடர் போதும். ஒளி சுடரின் அமைதியான நடுப்பகுதியில் போக வேண்டும். சிலிண்டர் காலியாகும் வரை இழுத்துப் பயன்படுத்தினால் அதிலுள்ள அசிட்டோன் சுடருக்குள் வந்து எண்ணை ஆட வைக்கும், அவ்வளவுதான். ஆனால் சுடரை வைத்தே ஒரு ரிப்போர்ட்டின் யோக்கியதையைக் கண்டுபிடிக்க வழி உண்டு. உங்கள் தாளில் அலுமினியம், ஆர்சனிக், பாதரசம் எல்லாவற்றுக்கும் நேராக "ஏ.ஏ.எஸ்., காற்று அசிட்டிலீன் சுடர்" என்றே இருக்கிறதா பாருங்கள். அலுமினியம் அந்தச் சுடரில் உடையாது, நைட்ரஸ் ஆக்சைடு சுடர் வேண்டும். ஆர்சனிக்கை ஹைட்ரைடு வாயுவாக்கிப் பார்ப்பார்கள். பாதரசத்துக்குச் சுடரே கிடையாது, குளிர் ஆவி முறை. எல்லாவற்றுக்கும் ஒரே வரி போட்டிருந்தால் அந்தத் தாள் கருவியிலிருந்து வந்ததல்ல, டைப் அடித்தவரிடமிருந்து வந்தது.

உங்களுக்கு வேண்டியது கிராஃபைட் ஃபர்னஸ் ஏ.ஏ.எஸ். சுடருக்குப் பதில் சின்ன கிராஃபைட் குழாயில் சில துளிகூட இல்லாத, 20 மைக்ரோலிட்டர் போன்ற அளவைச் சூடாக்கிப் பார்ப்பது. ஈயத்தில் லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் வரை எட்டும். குளோரைடு அதிகமான தண்ணீரில் ஈயம் ஈயக் குளோரைடாக முன்கூட்டியே ஆவியாகி ஓடிவிடும், அப்போது எண் குறைவாக வரும். அதைத் தடுக்க, ஈயத்தை ஓடவிடாமல் பிடித்து வைக்கும் பாஸ்பேட் போன்ற மாடிஃபையர் சேர்ப்பார்கள். உங்கள் தண்ணீருக்கு அது கட்டாயம் என்று சொல்லிக் கொடுங்கள். முன்பு சொன்ன "சேர்த்துப் பார்க்கும்" சோதனை இங்கேதான் அசலாக உதவும். அணுக்களை எடை வாரியாகப் பிரித்து எண்ணும் ஐ.சி.பி. மாஸ் கருவி உள்ள லேப் கிடைத்தால் அதுவும் சரி.

மாதிரியை நீங்களே எடுங்கள். விற்பவர் எடுத்துக்கொண்டு போன பாட்டில் எந்தக் குழாயில் எப்போது நிறைந்தது என்று உங்களுக்குத் தெரியாது. மெஷின் விற்கிறவரிடம் தண்ணீர் நல்லது என்று எந்த ரிப்போர்ட்டும் வராது. லேபிடமிருந்து நைட்ரிக் அமிலம் போட்ட பிளாஸ்டிக் பாட்டில் வாங்குங்கள். அமிலம் இல்லாமல் நின்றால் ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பொய்யான பி.டி.எல். வரும். பாட்டிலைக் கழுவாமல் அப்படியே நிரப்புங்கள். இரண்டு பாட்டில் வேண்டும்: ஒன்று காலையில் முதலில் வரும் தண்ணீர், இன்னொன்று குழாயை ஐந்து நிமிடம் ஓட விட்ட பிறகு. ரிப்போர்ட்டில் முறை, அலைநீளம், கண்டறியும் எல்லை மூன்றும் எழுத்தில் வேண்டும் என்று பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

முடிவு வரும் வரை குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேறு தண்ணீர் கொடுங்கள். கொதிக்க வைத்தால் ஈயம் போகாது, தண்ணீர் குறைந்து அளவு இன்னும் ஏறும். காலைப் பாட்டில் மட்டும் 0.01-ஐத் தாண்டினால் ஈயம் குழாயிலிருந்தோ பொருத்துகளிலிருந்தோ வருகிறது, மாற்ற வேண்டியது அவற்றை. இரண்டுமே தாண்டினால் மோட்டாருக்குப் பக்கத்தில், வீட்டுக் குழாய்க்கு முன்னால் மூன்றாவது பாட்டில் எடுங்கள். அதிலும் அதே அளவு வந்தால் கிணற்று நீரிலேயே ஈயம் இருக்கிறது. அப்போது மெஷின் பற்றிப் பேசலாம், இதே ஆளிடம் அல்ல.